வட்டம் தெரியாமல் மறையும் வெளிச்சம்

வீடியோ கேமில் ஓர் இருண்ட நடைபாதை. கூரையில் ஒரு குண்டு பல்பு எரிகிறது. அதன் வெளிச்சம் தரையில் விழுந்து மெல்ல மங்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் காம்பஸ் வைத்துக் கோடு போட்டதுபோல் நின்றுவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மங்கலான மஞ்சள், அந்தப் பக்கம் கருப்பு. நிஜத்தில் எந்த பல்பின் வெளிச்சமும் இப்படி ஒரு கோட்டில் முடிவதில்லை. விளையாடுகிறவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பொய் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்த வளையம் எப்படி வருகிறது, அதை எப்படிப் போக்குகிறார்கள் என்பதற்கு ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூட இயற்பியலில் தொடங்கி ஒரு வரிச் சூத்திரத்தில் முடியும் கணக்கு.

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பை நிரப்ப வேண்டும். மூன்று மடங்கு போனால் ஒன்பது மடங்கு. எனவே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறையும். இதை 1604-இலேயே கெப்ளர் தம் ஒளியியல் நூலில் எழுதிவிட்டார். தலைகீழ் இருமடி விதி என்று நாம் படித்தது இதைத்தான்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமென் வெளிச்சம் தரும். அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தள்ளி, நேர் எதிரே உள்ள சுவரில் விழுவது 64 லக்ஸ். இரண்டு மீட்டரில் 16. நான்கு மீட்டரில் 4. எட்டு மீட்டரில் 1. பத்து மீட்டரில் 0.64. எண் சிறிதாகிக்கொண்டே போகிறது, ஆனால் எத்தனை தூரம் போனாலும் சுழியைத் தொடுவதில்லை. இயற்கைக்கு அது ஒரு பொருட்டில்லை. கணினிக்குத்தான் சிக்கல்.

திரையில் ஒரு பிக்சலுக்கு நிறம் கண்டுபிடிக்க, அந்த இடத்தில் எந்தெந்த விளக்குகளின் வெளிச்சம் விழுகிறது என்று கேம் என்ஜின் கூட்டிப் பார்க்கிறது. ஒரு கோட்டைக்குள் முன்னூறு தீப்பந்தம் இருந்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் முன்னூறு கூட்டல். அதையே நொடிக்கு அறுபது முறை செய்ய வேண்டும். இது கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆரம் கொடுத்து, 'இதற்கு வெளியே இந்த விளக்கு இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். என்ஜின் திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டுகிற விளக்குகளை மட்டும் பட்டியலிட்டுக்கொள்கிறது. பட்டியல் குட்டையாக இருந்தால் ஆட்டம் தடங்கலின்றி ஓடும்.

அப்படியானால் கண்ணுக்கே தெரியாத அளவு வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆரத்தை வைத்துவிடலாமே? யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். கணக்குப் போட்டால் ஏன் நடக்காது என்று புரியும். ஒரு மீட்டர் தள்ளியுள்ள வெள்ளைச் சுவர் திரையின் முழு வெண்மையாக, அதாவது 255 என்ற எண்ணாகத் தெரியும்படி கேமராவை அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அதே பல்பின் வெளிச்சம் திரையில் 1 என்ற எண்ணுக்கு இறங்க 57 மீட்டர் போக வேண்டும். ஒரு சாதாரண பல்புக்கு 57 மீட்டர்! பத்து மீட்டர் ஆரமுள்ள கோளத்தைவிட அந்தக் கோளத்தின் கனஅளவு ஏறக்குறைய 185 மடங்கு. கோட்டையிலுள்ள ஒவ்வொரு தீப்பந்தமும் கோட்டை முழுவதையும் தொட்டுவிடும். பட்டியல் போட்டே பயனில்லை.

சரி, பத்து மீட்டரிலேயே வெட்டிவிடுவோம். அங்கே வெளிச்சம் ஒரு மீட்டரில் இருந்ததில் நூறில் ஒரு பங்குதான். நூறில் ஒன்று போனால் யாருக்குத் தெரியும்?

தெரியும். திரைகள் வெளிச்சத்தை அப்படியே எண்ணாக்குவதில்லை. இருட்டில் உள்ள சிறு வேறுபாடுகளை நம் கண் கூர்மையாகப் பிடிப்பதால், இருண்ட பகுதிக்கு அதிக எண்களை ஒதுக்கும் முறையில்தான் படங்கள் பதிவாகின்றன. அந்த முறையில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம் 255-இல் 25 என்ற எண்ணாகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெட்டிய இடத்தில் 25 சட்டென்று 0 ஆகிறது. ஆரத்தை ஐந்து மீட்டராக்கினால் 56 சட்டென்று 0 ஆகும். முதலில் சொன்ன வளையம் இதுதான்.

பழைய கேம்களில் இந்தத் தொல்லையை வேறு விதமாகச் சமாளித்தார்கள். 1990-களின் ஓபன்ஜிஎல்லில் விளக்கு மங்குவதற்கு மூன்று எண்கள் உண்டு. ஒன்று மாறிலி, ஒன்று தூரத்தோடு பெருகுவது, ஒன்று தூரத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. மூன்றையும் கூட்டி அதனால் ஒன்றை வகுக்க வேண்டும். அதில் ஆரம் என்று எதுவும் கிடையாது. டைரக்ட்3டியில் இந்த மூன்றோடு எல்லைத் தூரமும் இருந்தது, ஆனால் அது சும்மா வெட்டுவது. 2004-இல் வந்த டூம் 3 சூத்திரத்தையே விட்டுவிட்டு, விளக்கு எப்படி மங்க வேண்டும் என்பதை ஒரு சிறு படமாக வரைந்து வைத்துக்கொண்டது. படத்தின் ஓரம் முழுக் கருப்பாக இருந்தால் வெளிச்சமும் அழகாக மறையும். ஓரத்தில் துளி சாம்பல் இருந்தாலும் சுவரில் கோடு விழும்.

அந்தக் காலத்துக் கலைஞர்கள் பலர் வர்க்கத்தைத் தொடாமல், தூரத்துக்கு நேர் எதிர் விகிதத்தில் மங்கும் விளக்குகளையே விரும்பினார்கள். இருமடி விதியைப் போட்டால் 'விளக்கடியில் கண் கூசுகிறது, இரண்டடி தள்ளினால் இருட்டு' என்று குறைப்பட்டார்கள். இயற்பியல் தெரியாததால் சொன்னதல்ல. அவர்கள் கண்டது உண்மைதான், காரணம் வேறு. அன்றைய கேம்கள் கணக்கிட்ட எண்ணை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே திரைக்கு அனுப்பின. திரையோ அந்த எண்ணை ஏறக்குறைய 2.2 அடுக்குக்கு உயர்த்தித்தான் ஒளியாக்கும். அப்போது இரண்டு மடங்கு தூரத்தில் நான்கில் ஒன்றாக வேண்டிய வெளிச்சம், இருபத்தொன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். மாறாக, நேர் எதிர் விகிதத்தில் மங்கும் விளக்கு அதே திரையில் நாலரையில் ஒன்றாக வந்து, இயற்கைக்கு மிக அருகில் நிற்கும். தவறான சூத்திரமும் தவறான திரைக்கணக்கும் சேர்ந்து சரியான விடையைத் தந்தன. பிறகு என்ஜின்கள் நேரியல் ஒளிக் கணக்குக்கு மாறி, திரைக்கு அனுப்பும் முன் எண்ணைத் திருத்தத் தொடங்கின. இருமடி விதி அப்போதுதான் தன் இயல்பான உருவில் தெரிந்தது. ஆனால் எல்லையில்லாத அந்த வால் அப்படியே இருந்தது.

அதற்கு இன்று பரவலாகப் புழங்கும் தீர்வை எபிக் கேம்ஸின் பிரையன் காரிஸ் 2013-இல் அனஹைமில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில், அன்ரியல் என்ஜின் 4 பற்றிய உரையில் சொன்னார். இருமடி விதியைத் தொடாமல் விட்டுவிட்டு, அதன் மேல் ஒரு சாளரத்தைப் பெருக்கினார். விளக்கருகே சாளரத்தின் மதிப்பு 1. ஆரத்தின் எல்லையில் சரியாக 0. `d` என்பது தூரம், `r` என்பது ஆரம்:

```
float x = d / r;
float w = saturate(1.0 - x*x*x*x);
return (w * w) / (d*d + 1.0);
```

இதில் `saturate` என்பது எண்ணை 0-க்கும் 1-க்கும் இடையில் அடக்கிவைப்பது. கவனிக்க வேண்டியது நான்காம் அடுக்கை. ஒன்றைவிடச் சிறிய எண்ணை நான்கு முறை பெருக்கினால் அது காணாமல் போகுமளவு சிறுத்துவிடும். பத்து மீட்டர் ஆரத்தில் மூன்று மீட்டர் வரை வந்தால் சாளரம் 0.98. அதாவது இழப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. பாதி வழியான ஐந்து மீட்டரில் 0.88. ஏழில் 0.58. எட்டில் 0.35. ஒன்பதில் 0.12. விளக்கின் குணம் தெரிகிற அருகாமைப் பகுதியில் சூத்திரம் கைவைக்கவே இல்லை. யாரும் உற்றுப் பார்க்காத கடைசிப் பகுதியில்தான் தன் வேலையைச் செய்கிறது.

திரையின் எண்களாக மாற்றினால்: ஐந்து மீட்டரில் 56 இருக்க வேண்டிய இடத்தில் 53. ஏழில் 39-க்குப் பதில் 28. எட்டில் 17. ஒன்பதில் 5. பத்தில் 0. குதிப்பு எங்கும் இல்லை.

இதைவிட எளிய வழி இருக்கிறதே என்று கேட்கலாம். எல்லையில் மிஞ்சுகிற அந்த நூறில் ஒரு பங்கை எல்லா இடத்திலும் கழித்துவிட்டால் எல்லையில் தானாகச் சுழி வந்துவிடும். செய்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ஐந்து மீட்டரில் வெளிச்சத்தின் கால் பங்கு போய்விடும், சாளர முறையில் போவதைப் போல இரு மடங்கு. அதோடு வளையமும் முழுதாகப் போகாது. மதிப்பு சுழிக்கு வந்துவிட்ட பிறகும் ஏன் வளையம் தெரிகிறது? சூத்திரத்தின் கடைசி வரியில் உள்ள `w * w` இதற்குத்தான்.

ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் கவனித்த ஒன்று இங்கே உதவும். ஒளி சீராகக் குறைந்துகொண்டே வந்து, சட்டென்று குறைவது நின்றுபோனால், நிற்கிற அந்த இடத்தில் இல்லாத ஒரு கோட்டைக் கண் தானே வரைந்துகொள்கிறது. அளவில் குதிப்பு இல்லை, சரிவில்தான் குதிப்பு. கண்ணுக்கு அது போதும். இவற்றை மாக் பட்டைகள் என்பார்கள். எனவே எல்லையில் வெளிச்சம் சுழியாவது மட்டும் போதாது. குறையும் வேகமும் அங்கே சுழியாக வேண்டும். எல்லையில் `w` சுழியாவதால், அதை வர்க்கப்படுத்தினால் சரிவும் சுழியாகிவிடும். பத்து மீட்டருக்கு அரை மீட்டர் முன்னால் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வர்க்கப்படுத்தாமல் விட்டால் திரையில் 7. அங்கிருந்து கடைசி அரை மீட்டரில் 7-இலிருந்து 0-க்கு நேர்கோட்டில் விழும். வர்க்கப்படுத்தினால் அதே இடத்தில் ஏற்கெனவே 1 ஆகியிருக்கும். எங்கே முடிந்தது என்றே கண்ணுக்குப் புலப்படாது. ஒரே ஒரு பெருக்கல்தான். என் பார்வையில் அந்தச் சூத்திரத்தின் அழகே அதில்தான் இருக்கிறது.

கீழே உள்ள `+ 1.0` வேறு வேலைக்கு. தூரம் சுழியை நெருங்கினால் ஒன்றின் கீழ் சுழி வந்து எண் வெடித்துவிடும். சுவரை ஒட்டி வைத்த விளக்கு ஒரு வெள்ளைப் பொட்டாகிவிடும். அதைத் தடுக்கவே அந்த ஒன்று. ஆனால் அது எந்த அலகில் ஒன்று என்று பார்க்க வேண்டும். அன்ரியலில் தூரம் சென்டிமீட்டரில். ஒரு மீட்டர் என்பது 100, அதன் வர்க்கம் 10,000. அதோடு ஒன்றைக் கூட்டினால் யாருக்கும் தெரியாது. இதே வரியை மீட்டரில் கணக்கிடும் என்ஜினில் அப்படியே ஒட்டினால், ஒரு மீட்டரில் 1-க்குப் பதில் 1+1, வெளிச்சம் சரிபாதி. இரண்டு மீட்டரில் நான்கில் ஒன்றுக்குப் பதில் ஐந்தில் ஒன்று. எல்லா விளக்கும் அருகில் மட்டும் மங்கலாக இருக்கிறது என்றால் முதலில் இந்த அலகைச் சந்தேகியுங்கள். 2014-இல் ஃப்ராஸ்ட்பைட் என்ஜினுக்காக செபாஸ்டியன் லகார்டும் சார்ல் த ரூசியேவும் இதே சாளரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில், தூரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல் தடுத்துவிட்டார்கள். மீட்டரில் எழுதுகிறவர்களுக்கு அது பாதுகாப்பான வழி.

இனி கலைஞர்கள் பக்கத்துக்கு வருவோம். இயற்பியல் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் நிரலாளர்களோடு அவர்களுக்கு ஓயாத வழக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு. நிஜ அறையில் பல்பின் நேர் வெளிச்சம் மட்டுமா இருக்கிறது? சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் மூலைகளை நிரப்புகிறது. அந்தத் தெறிப்பைக் கணக்கிடாத கேமில் வெறும் இருமடி விதியைப் போட்டால் அறை குகையாகிவிடும். அதற்காகத்தான் அன்ரியலில் விதியையே அணைத்துவிட ஒரு பொத்தான் இருக்கிறது. `Use Inverse Squared Falloff` என்பதை எடுத்துவிட்டால், மங்கும் வளைவைக் கலைஞரே ஓர் அடுக்கு எண்ணால் தீர்மானிக்கலாம். அடுக்கு சிறிதானால் வெளிச்சம் எல்லை வரை கொழுத்து நிற்கும். பெரிதானால் நடுவிலேயே சுருங்கும். மூலையை லேசாக நிரப்பும் துணை விளக்குக்கு இது நல்ல கருவி. காட்சியில் கண்முன் தொங்குகிற பல்புக்கோ தீப்பந்தத்துக்கோ இதைப் போட்டால் தட்டையாகத் தெரியும். அவற்றுக்கு இருமடி விதிதான் பொருத்தம் என்பது என் துணிபு.

கலைஞர்கள் விட வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. பழைய முறைகள் பலவற்றில் தூரம் ஆரத்தின் பின்னமாகத்தான் கணக்கில் வரும், அதனால் ஆரத்தைக் கூட்டினால் விளக்கே பிரகாசமாகும். அறை மங்கலாக இருந்தால் ஆரத்தை இழுத்துவிடுவது கை வழக்கமாகிவிட்டது. புதிய சூத்திரத்தில் பிரகாசம் தனி, ஆரம் தனி. பத்து மீட்டரை இருபதாக்கினால் மூன்று மீட்டரில் உள்ள சுவர் ஏறக்குறைய மாறாது. கணினியின் சுமை மட்டும் ஏறும். பிரகாசம் வேண்டுமென்றால் லூமெனைக் கூட்டுங்கள்.

சாளரம் போட்ட பிறகும் வளையம் தெரிகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டும். மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு பெரிய சாம்பல் தளத்தை விளக்குக்கு அடியில் வைத்து, காட்சியின் பிரகாசத்தைப் பல மடங்கு ஏற்றிப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் தெரிந்தால் அது ஆரத்தின் குற்றமல்ல. திரையில் 256 படிகள்தான் இருப்பதால் வரும் படிக்கட்டு. மெல்லிய இரைச்சலைத் தூவினால் போய்விடும். ஒரே வளையம், ஆரத்தை மாற்றினால் அதுவும் நகர்கிறது என்றால் மங்கும் சூத்திரத்தில்தான் கோளாறு. வளையம் வட்டமாக இல்லாமல் பலகோணமாக இருந்தால், விளக்கின் எல்லையை வரைய என்ஜின் பயன்படுத்தும் கரடுமுரடான கோளம் உண்மையான கோளத்தின் உள்ளே பதிந்திருக்கிறது. அதன் தட்டையான முகங்கள் வெளிச்சத்தைச் சீவிவிடுகின்றன. அந்தக் கோளத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால், கட்டங்களுக்கான பட்டியல் போடும்போது சிறிய ஆரத்தையும் ஒளியைக் கணக்கிடும்போது பெரிய ஆரத்தையும் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிரகாசத்தை ஏற்றிப் பார்க்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. இருட்டறைக்குள் நுழைந்ததும் கண் பழகுவதைப்போலப் பல கேம்கள் தாமாகவே பிரகாசத்தை உயர்த்துகின்றன. உங்கள் மேசையில் 5 ஆகத் தெரிந்த ஒன்பதாவது மீட்டர் அங்கே 40 ஆகலாம். மூடுபனி இருந்தால் தரையில் மட்டுமல்ல, காற்றிலேயே ஒரு பந்தாக எல்லை தெரியும். விளக்கு கையில் பிடித்த தீப்பந்தமாக இருந்தால் வளையம் சுவரில் ஊர்ந்துகொண்டே வரும். அசையாத கோட்டைவிட அசையும் கோட்டைக் கண் விரைவில் பிடிக்கும்.

இன்னொன்று, ஒரு மென்பொருளில் அமைத்த விளக்கை வேறொன்றுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு. த்ரீ.ஜேஎஸ்ஸின் புள்ளி விளக்கு காரிஸின் வர்க்கப்படுத்திய சாளரத்தையே பயன்படுத்துகிறது. அதில் `distance` என்பதைச் சுழியாக விட்டால் எல்லையே கிடையாது. ஜிஎல்டிஎஃப் கோப்புகளுக்கான `KHR_lights_punctual` பரிந்துரைக்கும் சூத்திரத்தில் நான்காம் அடுக்கு இருக்கிறது, கடைசி வர்க்கம் இல்லை. எனவே ஒரே கோப்பு, ஒரே ஆரம், ஒரே லூமெனாக இருந்தாலும் கடைசி மூன்று மீட்டர் இரண்டிலும் ஒன்றாகத் தெரியாது. ஓரிடத்தில் அமைத்த ஆரத்தை இன்னோரிடத்தில் நம்பாதீர்கள். கொண்டுபோன இடத்தில் சாம்பல் தளத்தை வைத்து மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.